நீச்சலுக்கு ஒரு தேதி, உடற்கல்விக்கு ஒரு தேதி: கை எலும்பு முறிந்த பிள்ளைக்காகப் பள்ளிக்கு எழுதும் விலக்குக் கடிதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மகனுக்குக் கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கட்டைப் பார்த்தாலே ஆசிரியருக்குத் தெரியாதா? கடிதம் எதற்கு?

கட்டு இருக்கும்வரை கடிதமே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் யாரும் அவனை ஓடச் சொல்ல மாட்டார்கள். கட்டைப் பிரித்த மறுநாள்தான் கடிதம் உண்மையில் தேவைப்படுகிறது. அன்று கை பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும், பிள்ளை வலியில்லை என்று சொல்வான், நண்பர்கள் விளையாட அழைப்பார்கள். உள்ளே எலும்பு இன்னும் முழு வலிமை பெற்றிருக்காது.

முறிந்த இடத்தைச் சுற்றி உடல் முதலில் ஒரு புதிய எலும்புத் திரளை உண்டாக்குகிறது. வலி நின்று கை அசையும் அளவுக்கு அது சில வாரங்களில் இறுகிவிடும். ஆனால் ஓடும்போது தடுக்கி விழுந்து உள்ளங்கையை ஊன்றினால், உடம்பின் எடை முழுவதும் ஒரு நொடியில் முன்கையில் இறங்குகிறது. அந்தச் சுமையைத் தாங்க அதற்கு மேலும் பல வாரங்கள் வேண்டும். முன்கை எலும்பு முறிந்த பிள்ளைகளுக்கு அதே இடத்தில் மறுபடி முறிவு ஏற்படும் ஆபத்து, கட்டைப் பிரித்த முதல் சில மாதங்களில்தான் அதிகம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மூத்த மகன் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 5இல் படித்தபோது, “மாவுக்கட்டுப் பிரிக்கப்படும்வரை உடற்கல்வியிலிருந்து விலக்கு அளிக்கவும்” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தார்கள். வியாழக்கிழமை உடற்கல்வி வகுப்பில் பந்து விளையாடும்போது விழுந்து அதே கையை ஊன்றினான். மணிக்கட்டு வீங்கிய நிலையில் அவனை மறுபடி எக்ஸ்ரேக்கு அழைத்துச் சென்றோம். எலும்பு தப்பியது. ஆசிரியர் என் கடிதத்தில் இருந்ததைத்தான் செய்திருந்தார். அந்த ஒரு வரிதான் தவறு.

மருத்துவமனையில் எம்.சி. கொடுத்திருக்கிறார்கள். அதையே பள்ளிக்குக் கொடுத்தால் போதாதா?

எம்.சி. என்பது பிள்ளை பள்ளிக்கு வர இயலாத நாட்களுக்கான சான்று. முறிவு ஏற்பட்ட பிறகு அது வழக்கமாக ஒரு சில நாட்களுக்குத்தான் கிடைக்கும், ஏனென்றால் வலி அடங்கியதும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம். பள்ளிக்கு வரலாம், ஆனால் உடற்பயிற்சி செய்யக்கூடாது என்ற நிலை அதற்குப் பிறகு பல வாரங்கள் நீடிக்கும். அந்த வாரங்களைப் பற்றி எம்.சி. எதுவும் சொல்வதில்லை.

அதற்கு வேண்டியது மருத்துவர் எழுதித் தரும் தனிக் குறிப்பு. மெமோ என்று கேட்டால் மருந்தகத்தில் புரிந்துகொள்வார்கள். சில மருத்துவர்கள் எம்.சி. தாளிலேயே, பள்ளிக்குச் செல்லலாம், இன்ன தேதிவரை உடற்கல்வி கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள், அதுவும் செல்லும். பெற்றோரின் கடிதம் இந்தக் குறிப்புக்கு மாற்று ஆகாது. மருத்துவரின் குறிப்பு காரணத்தையும் காலத்தையும் உறுதிசெய்கிறது. அந்தக் காலத்தில் பள்ளியில் எதெது நடக்கக்கூடாது, எதெது நடக்கலாம் என்பதைப் பெற்றோரின் கடிதம் பள்ளிக்குப் புரியும் விதத்தில் விரித்துச் சொல்கிறது.

மருத்துவரிடம் எதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்?

முதலில், வாரக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். “6 வாரம் விளையாடக்கூடாது” என்று மட்டும் எழுதியிருந்தால், அது விழுந்த நாளிலிருந்தா, கட்டைப் பிரித்த நாளிலிருந்தா, குறிப்பு எழுதிய நாளிலிருந்தா என்பதில் ஒரு மாத வித்தியாசம்கூட வந்துவிடும். வாரக் கணக்குக்குப் பதில் முடிவுத் தேதியையே எழுதித் தருமாறு கேட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

பிறகு, எந்த அசைவு கூடாது என்று கேளுங்கள். முன்கை முறிவுக்குப் பொதுவாக மூன்று விஷயங்களை மருத்துவர்கள் தடுப்பார்கள்: உள்ளங்கையை ஊன்றி உடல் எடையைத் தாங்குவது, கம்பியில் தொங்குவது, கீழே விழவோ மற்றவர்மீது மோதவோ இடமுள்ள விளையாட்டு. நடப்பதும் கால் பயிற்சிகளும் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. ஆனால் கேட்காவிட்டால் “உடற்கல்வி கூடாது” என்ற இரண்டே சொற்கள்தான் தாளில் இருக்கும். அப்போது பிள்ளை இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க நேரும்.

நீச்சலைத் தனியாகக் கேளுங்கள். அதை அடுத்த கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

எல்லா முறிவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எலும்பின் ஓரம் மட்டும் நசுங்கியது போன்ற சிறு முறிவுக்குக் கழற்றி மாட்டும் பட்டையே போதும். ஏறக்குறைய 3 வாரத்தில் அது சரியாகிவிடும். முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தால் 4 முதல் 6 வாரம் கட்டு, அதன் பிறகும் பல வாரங்கள் கவனம் என்று போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன தேதியை உங்கள் கடிதத்தில் எழுத முடியாது.

நீச்சலை ஏன் தனியாக எழுத வேண்டும்? உடற்கல்வி என்றாலே நீச்சலும் அதில் அடங்கும் அல்லவா?

பாடத்திட்டத்தில் அடங்கும். தொடக்கப்பள்ளி உடற்கல்வியில் நீச்சலும் ஒரு பகுதி. 2010இல் தொடங்கிய ஸ்விம்சேஃபர் திட்டத்தின்படி பிள்ளைகள் 6 நிலைகளில் நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்கிறார்கள். பள்ளிகள் அதைச் சில வாரங்களுக்கு ஒரு தொகுப்பாக நடத்தும். ஆனால் முறிந்த கையைப் பொறுத்தவரை தரையும் தண்ணீரும் இரண்டு வேறு இடங்கள், இரண்டுக்கும் காலம் நேர்மாறாகக்கூட அமையும்.

கட்டு இருக்கும்போது தண்ணீர்தான் முதல் எதிரி. மாவுக்கட்டு நனைந்தால் இளகிவிடும், முறிந்த எலும்பைப் பிடித்துவைக்கும் வேலையை அது செய்யாது. வண்ண வண்ணமாக வரும் ஃபைபர் கட்டு நனைந்தாலும் இளகாது என்பதால் சிலர் நீந்தலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டு இளகாது, ஆனால் அதன் உள்ளே தோலை ஒட்டியிருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உலரவே உலராது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளில் நாற்றம் வந்துவிடும், அதன் அடியில் தோல் வெளுத்து ஊறிப் புண்ணாகும். நீர் புகாத உள்ளுறை போட்டிருக்கிறோம் என்று மருத்துவரே சொன்னால் மட்டும் வேறு விஷயம்.

கட்டைப் பிரித்ததும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது ஆபத்து தரையில்தான், ஏனென்றால் விழுவது தரையில்தான். தண்ணீர் உடலின் எடையைத் தாங்கிக்கொள்வதால், விறைத்துப்போன மணிக்கட்டையும் முழங்கையையும் மெல்ல அசைத்துப் பழக அது நல்ல இடம். அதனால், ஓடியாடும் விளையாட்டுக்கு அனுமதி தருவதற்குச் சில வாரங்கள் முன்பே நீந்தலாம் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். உடற்கல்வி, நீச்சல் இரண்டையும் ஒரே தேதியில் கட்டிப்போட்டால், கைக்கு உதவக்கூடிய ஒன்றைப் பிள்ளை இழக்கிறாள், ஸ்விம்சேஃபர் வகுப்புகளும் வீணாகின்றன.

ஆனால் நீந்தலாம் என்பதற்கும் நீச்சல் வகுப்பில் நடப்பது எல்லாவற்றையும் செய்யலாம் என்பதற்கும் இடைவெளி உண்டு. ஸ்விம்சேஃபரில் நீருக்குள் இறங்குவதும் நீரிலிருந்து ஏறுவதும்கூடத் தனித் திறன்களாகக் கற்பிக்கப்படுகின்றன. குளத்தின் விளிம்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கி ஏறும் முறையை எண்ணிப் பாருங்கள்: எது கூடாது என்று மருத்துவர் சொன்னாரோ அதேதான் அங்கே நடக்கிறது. மேலிருந்து குதித்து இறங்குவதும், ஈரத் தரையில் நண்பர்களோடு விரைந்து நடப்பதும் அப்படியே. ஆகவே அந்த இடைக்காலத்தில் ஏணி வழியாக இறங்கி ஏணி வழியாக ஏறட்டும், குதிக்க வேண்டாம் என்று கடிதத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.

கடிதத்தை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி காட்டுங்கள்.

எங்கள் புளோக்கில் தொடக்கநிலை 4இல் படிக்கும் ஒரு சிறுமிக்கு 2025இல் நடந்ததை வைத்துக் காட்டுகிறேன். அந்தக் கடிதங்களை அவளுடைய அம்மாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுதினோம்.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை மாலை, கீழே விளையாட்டுத் திடலில் தொங்கு கம்பியிலிருந்து கை நழுவி விழுந்தாள். இடது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. அறுவை தேவைப்படவில்லை, எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்டார்கள். மே 9, வெள்ளிக்கிழமை, அதாவது 5 வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். அன்றிலிருந்து 6 வாரத்துக்கு ஊன்றுவதும் தொங்குவதும் மோதி விளையாடுவதும் கூடாது, மணிக்கட்டு நன்றாக அசைந்தால் 2 வாரத்தில் நீந்தலாம் என்றார் மருத்துவர். பள்ளியில் புதன்கிழமைதோறும் ஸ்விம்சேஃபர் நடந்துகொண்டிருந்தது.

இதற்கு இரண்டு கடிதங்கள் வேண்டியிருந்தன. எம்.சி. முடிந்து அவள் பள்ளிக்குத் திரும்பிய நாளில் கொடுத்த முதல் கடிதம் சிறியது. மே 9 வரை கட்டு இருக்கும், அதுவரை உடற்கல்வியும் நீச்சலும் வேண்டாம் என்று எழுதிவிட்டு, அதன் கீழே, “கட்டைப் பிரித்த பிறகும் விலக்குத் தொடரும். புதிய தேதிகளை அன்றே எழுதித் தருகிறேன். அக்கடிதம் வரும்வரை அவளை விளையாட அனுமதிக்க வேண்டாம்” என்று சேர்த்தோம். என் மகனுக்காக எழுதிய கடிதத்தில் இல்லாமல் போனவை இந்த மூன்று வாக்கியங்கள்தான்.

இரண்டாவது கடிதம் கட்டைப் பிரித்த நாளன்றே எழுதப்பட்டது:

> 9 மே 2025
>
> அன்புள்ள வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்கு,
>
> பொருள்: (மகளின் பெயர், வகுப்பு) – உடற்கல்விக்கும் நீச்சலுக்கும் மருத்துவக் காரணத்தால் விலக்கு
>
> என் மகளின் இடது முன்கையில் ஏப்ரல் 4ஆம் தேதி முறிவு ஏற்பட்டது. இன்று கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை பார்ப்பதற்குக் குணமானதாகத் தோன்றினாலும் எலும்பு இன்னும் முழு வலிமை பெறவில்லை என்று மருத்துவர் கூறியுள்ளார். அவருடைய குறிப்பின் நகலை இணைத்துள்ளேன்.
>
> உடற்கல்வி: ஜூன் 20 வரை, இடது கையை ஊன்றும் பயிற்சிகள், கம்பியில் தொங்குதல், விழவோ மோதவோ வாய்ப்புள்ள விளையாட்டுகள் ஆகியவற்றிலிருந்து விலக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நடைப்பயிற்சியிலும், நின்றபடியோ உட்கார்ந்தபடியோ செய்யும் கால் பயிற்சிகளிலும் அவள் கலந்துகொள்ளலாம்.
>
> நீச்சல்: மே 14, மே 21 ஆகிய இரு வகுப்புகளிலும் அவள் நீரில் இறங்கக்கூடாது. மே 28 வகுப்பில் கலந்துகொள்ளலாம். அன்று ஏணி வழியாக மட்டும் இறங்கி ஏற வேண்டும், குதிக்கக்கூடாது. இதை நீச்சல் பயிற்றுவிப்பாளருக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மே 23க்குள் மணிக்கட்டின் அசைவு திரும்பவில்லையென்றால் முன்கூட்டியே எழுதுகிறேன்.
>
> இதே கட்டுப்பாடுகள் ஓய்வு நேரத்துக்கும் இணைப்பாட நடவடிக்கைக்கும் பொருந்தும்.
>
> கையில் திடீர் வலியோ வீக்கமோ ஏற்பட்டால், அல்லது அவள் விழுந்துவிட்டால், வலி இல்லை என்று அவளே சொன்னாலும் உடனே என்னை அழைக்கவும். (கைப்பேசி எண்)
>
> நன்றி.
>
> (பெற்றோர் பெயர், கையொப்பம்)

“பார்ப்பதற்குக் குணமானதாகத் தோன்றினாலும்” என்ற வரியை அந்த அம்மா முதலில் வேண்டாம் என்றார், ஆசிரியருக்குப் பாடம் நடத்துவது போல் இருக்கும் என்று தயங்கினார். எனக்கு அதுதான் கடிதத்தின் மையமான வரி. நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஆசிரியர், கட்டு இல்லாத ஒரு கையைப் பார்த்து வேறு எதை நினைக்க முடியும்?

மே 12 விசாக தினம், பள்ளி விடுமுறை. 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அவள் கட்டு இல்லாமல் பள்ளிக்குப் போனபோது கடிதம் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

ஆம், பள்ளிக்குப் போகும் பிரதி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், நீச்சல் பயிற்றுவிப்பாளர் என்று பலர் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. மேலே உள்ளதைத் தமிழில் தந்ததற்குக் காரணம், எதை எழுத வேண்டும் என்பது முதலில் நமக்கு நம் மொழியில் தெளிவாக வேண்டும் என்பதே. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தேதி, கூடாதது, செய்யலாம் என்ற மூன்றையும் சிறு சிறு வாக்கியங்களாக எழுதினால் போதும், மொழியழகை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தயக்கமாக இருந்தால் பள்ளியின் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டலாம்.

யாரிடம், எப்படிக் கொடுக்க வேண்டும்?

வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மருத்துவரின் குறிப்பைத் தெளிவாகப் படம் எடுத்து இணைத்துவிட்டு, அசலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி கேட்டால் கொடுக்கலாம். பிள்ளையின் கையில் மட்டும் தாளைக் கொடுத்தனுப்புவதை நான் நம்புவதில்லை. விளையாடத் துடிக்கும் பிள்ளையின் பைக்குள் அது நாட்கணக்கில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீச்சலுக்கு இன்னொரு கவனம் தேவை. குளத்தில் கற்பிப்பவர் பல பள்ளிகளில் வெளியிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளராக இருப்பார். பள்ளி மின்னஞ்சல் அவருக்குப் போகாது. அதனால்தான் அவருக்கும் தெரிவிக்குமாறு மாதிரிக் கடிதத்தில் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறது. பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் நீச்சல் வகுப்புக்கு ஏற்கனவே நீங்கள் சம்மதம் கொடுத்திருந்தால், அந்தச் சம்மதம் அப்படியே நிற்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். பெயர்ப்பட்டியலில் பிள்ளை இருப்பாள், ஆகவே அவள் வரவில்லை என்பதையோ, வந்தும் நீரில் இறங்கமாட்டாள் என்பதையோ நாம்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவர் வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. இப்போது என்ன செய்வது?

பல பெற்றோருக்கு இது நடக்கிறது. வலியும் எக்ஸ்ரேயும் கட்டுமாக இருக்கும் நாளில் பள்ளிக் குறிப்பு யாருக்கு நினைவுக்கு வரும்? கட்டுப் போட்ட மருந்தகத்தை அழைத்து, இன்ன தேதியில் பார்த்த பிள்ளைக்கு உடற்கல்வி விலக்குக் குறிப்பு வேண்டும் என்று கேளுங்கள். மறுபரிசோதனை நாள் நெருங்கிவிட்டிருந்தால் அன்றே வாங்கிக்கொள்ளலாம். பலதுறை மருந்தகத்துக்குப் போனால், எலும்பைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள் என்று அனுப்பவும் கூடும், ஏனெனில் எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவெடுத்தவர் அவர்தான்.

இடைப்பட்ட நாட்களுக்கு உங்கள் கடிதத்தையே அனுப்பிவிடுங்கள். மருத்துவர் வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, குறிப்பு இன்ன நாளில் வரும் என்று சேர்த்தால், ஒன்றிரண்டு வாரத்துக்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். மருத்துவர் சொல்லாத தேதியை மட்டும், பாதுகாப்புக்காக என்றுகூட, நீங்களாக எழுத வேண்டாம். பிறகு வரும் குறிப்பில் வேறு தேதி இருந்தால் உங்கள் அடுத்த கடிதத்தின் மதிப்பும் குறைந்துபோகும்.

உடற்கல்வி வகுப்புக்கு மட்டும் விலக்குக் கேட்டால் போதும்தானே? ஓய்வு நேரத்தையெல்லாம் எதற்கு எழுதுவது?

உடற்கல்வி வகுப்பில் ஓர் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓய்வு நேரத்தில், பள்ளி தொடங்கும் முன் திடலில், பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவ்வளவு நெருக்கமான கண்காணிப்பு இருக்காது, பிள்ளைகள் துரத்தி விளையாடுவதும் அப்போதுதான். இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பானவர் வேறு ஆசிரியராக இருப்பார். பூப்பந்தோ சாரணர் இயக்கமோ, அங்கே உங்கள் கடிதம் தானாகப் போய்ச் சேராது. ஒரு வரி சேர்த்து, அந்த ஆசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால் போதும்.

விலக்குக் கிடைத்த நேரத்தில் பிள்ளை என்ன செய்வாள்? நூலகத்தில் விட்டுவிடுவார்களா?

பொதுவாக வகுப்போடு திடலுக்கு வந்து ஓரமாக இருப்பாள், ஏனென்றால் அவள் ஆசிரியரின் பார்வையில் இருக்க வேண்டும். சில ஆசிரியர்கள் புள்ளிகளைக் குறிக்கவோ நேரம் பார்க்கவோ சொல்வார்கள். எதைச் செய்யலாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் ஆசிரியருக்கு வேலை எளிது. எதுவும் எழுதாவிட்டால் உட்காரவைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான வழி.

நீச்சல் நாளில் பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மாறும். சில பள்ளிகளில் நீந்தாத பிள்ளையும் பேருந்தில் சென்று குளத்தருகே உட்கார்ந்திருப்பாள், சில பள்ளிகளில் வேறொரு வகுப்பில் இருப்பாள். கட்டு இருக்கும் வாரங்களில் குளத்தருகே உட்காருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஈரத் தரையில் ஒரு கையைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டிருக்கும் பிள்ளை வழுக்கினால் ஊன்றுவதற்கு மறு கை மட்டும்தான். அந்த வாரங்களில் பள்ளியிலேயே இருக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

நாப்ஃபா உடற்தகுதித் தேர்வு அந்த வாரங்களில் வந்துவிட்டால்?

தொடக்கப்பள்ளியில் தொடக்கநிலை 4, 6 ஆகிய வகுப்புகளில் நாப்ஃபா நடக்கிறது. முன்கை முறிந்த பிள்ளைக்கு அதில் முதல் சிக்கல், சாய்ந்த நிலையில் கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்கும் பயிற்சி. நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும்போது பின்னால் சாய்ந்து கையை ஊன்றிவிடுவது பிள்ளைகளுக்கு இயல்பு, விரைந்து திரும்பி ஓடும் பயிற்சியில் வழுக்கலாம், ஆகையால் அவையும் ஆபத்தே. 1.6 கிலோமீட்டர் ஓட்டம் கைக்கு நேரடியாகச் சுமை தருவதில்லை என்றாலும், ஓடலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

மருத்துவக் குறிப்பு இருக்கும்போது பிள்ளையைத் தேர்வுக்கு நிறுத்தமாட்டார்கள். வேறு நாளில் நடத்தலாமா, அந்த ஆண்டு விட்டுவிடலாமா என்பதைப் பள்ளி முடிவுசெய்யும். விலக்கு முடிந்த அடுத்த நாளே தேர்வு வேண்டாம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல வாரங்கள் கட்டுக்குள் இருந்த கையின் தசை மெலிந்திருக்கும்.

அறுவை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இதே கடிதம் பொருந்துமா?

அமைப்பு பொருந்தும், நீச்சல் பகுதி மாறும். கம்பியின் முனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்தத் துளை வழியாகக் கிருமி எலும்புவரை போகலாம். கம்பியை எடுத்து, துளை முழுவதும் மூடிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குளத்தில் இறங்கக்கூடாது. ஆகவே இங்கே நீச்சலுக்குத் தேதி எழுதாமல், “கம்பி எடுக்கப்பட்டு மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை” என்று எழுதுவதே சரி.

என் மகனுக்குச் செவிப்பறையில் துளை. நன்றாக ஓடுகிறான். அவனுக்கும் உடற்கல்வி முழுவதற்கும் விலக்குக் கேட்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மருத்துவர் வேறு ஏதும் சொல்லாவிட்டால் நீச்சலுக்கு மட்டும் கேளுங்கள். நடுச்செவிக்குள் தண்ணீர் போனால் கிருமித்தொற்று வந்து துளை மூடுவதும் தாமதமாகும் என்பதே காரணம். ஓடுவதற்கும் பந்து விளையாடுவதற்கும் அதனால் பொதுவாகத் தடையில்லை. “உடற்கல்விக்கு விலக்கு” என்று பொதுவாக எழுதிவிட்டால் காரணமில்லாமல் அவனை உட்காரவைத்துவிடுவார்கள்.

சிறு துளைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். காது வலி நின்றுவிட்டது என்பதை வைத்துத் துளை மூடிவிட்டது என்று முடிவுசெய்ய முடியாது, மருத்துவர் காதுக்குள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எனவே முடிவுத் தேதிக்குப் பதில் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதி, அதன் பிறகு மறுபடி தெரிவிப்பதாகச் சொல்லுங்கள். இதற்குள் ஸ்விம்சேஃபர் தொகுப்பு முடிந்துவிட்டால், விடுபட்ட நிலையைப் பிறகு பொது நீச்சல் குளங்களில் நடக்கும் வகுப்புகளில் சேர்ந்து முடிக்கலாம்.

விலக்குக் காலம் முடிந்ததும் இன்னொரு கடிதம் வேண்டுமா? தேதிதான் ஏற்கனவே எழுதியாகிவிட்டதே?

தேதி பள்ளி நாட்களுக்குள் முடிந்தால் சில பள்ளிகள் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சிறுமியின் தேதியைப் பாருங்கள். இரண்டாம் தவணை மே 30இல் முடிந்தது, அவளுடைய விலக்கு ஜூன் 20 வரை இருந்தது. நடுவில் 3 வாரம் பள்ளியே இல்லை, அந்த நேரத்தில் பள்ளிக்குக் கொடுத்த கடிதம் யாரையும் கட்டுப்படுத்தாது. அவளைச் சமூக மன்றத்தில் ஒரு விடுமுறை விளையாட்டு முகாமில் சேர்த்திருந்தார்கள். ஏப்ரலுக்கு முன்பே பணம் கட்டியாகிவிட்டது, ஜூன் 9ஆம் தேதி தொடக்கம். முகாம் நடத்துபவருக்கும் அதே கடிதத்தின் பிரதியை அனுப்பிய பிறகுதான், அவளைச் சுவரேறும் பயிற்சியிலிருந்து எடுத்துக் கைவினைக் குழுவில் சேர்த்தார்கள்.

மூன்றாம் தவணை ஜூன் 30இல் தொடங்கியபோது அவளுடைய அம்மா மூன்று வரி எழுதி அனுப்பினார்: விலக்கு ஜூன் 20இல் முடிந்தது, மருத்துவர் பார்த்து எல்லாப் பயிற்சிகளுக்கும் அனுமதி தந்துவிட்டார், கம்பியில் தொங்கும் பயிற்சியை மட்டும் முதல் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கட்டும். உடற்கல்வி ஆசிரியர் அன்று மாலையே பதில் எழுதினார். வகுப்பில் முதல் நாள் இரண்டு கை விரிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், இடது மணிக்கட்டு இன்னும் சற்றுக் குறைவாகவே மடங்குகிறது என்றும், அடுத்த பரிசோதனையில் அதைச் சொல்லுமாறும் அதில் இருந்தது.